புலனக் குழுவில் எடுத்த முடிவு எங்கே போனது? – கேள்வி பதில்

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் ஆவணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது கோயில் பந்தல் குழு, பள்ளிப் பெற்றோர் சங்கம் என்று சில இடங்களுக்கு முடிவுப் பதிவு எழுதிக் கொடுக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

செந்தூல், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம்: அக்கா, நான் புதுசா வந்த செயலாளர். புலனக் குழுவுல ஒரு வருஷப் பேச்சு கிடக்கு. முதல்ல இருந்து படிச்சாதான் முடிவையெல்லாம் எடுக்க முடியுமா?

வேண்டாம் தம்பி. முழுக்கத் தோண்ட ஆரம்பித்தால் பாதியிலேயே விட்டுவிடுவீர்கள். இன்றைக்கும் யாரையாவது கட்டிப்போடுகிற முடிவு எது என்று மட்டும் பாருங்கள்: பணம் கொடுக்க வேண்டியது, ஆள் வர வேண்டியது, அடுத்த வருஷமும் அப்படியே நடக்க வேண்டியது. போன வருஷப் போட்டிக்கு என்ன நிறத்தில் சட்டை என்பதை இப்போது எழுதி ஒன்றும் ஆகப் போவதில்லை.

கைப்பேசியிலேயே தேடினால் கண் வலிக்கும். குழுவில் `Export chat`, பிறகு `Without media` தேர்ந்தெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். தேதி, நேரம், பெயரோடு ஒரே எழுத்துக் கோப்பாக வந்துவிடும். அதைக் கணினியில் திறந்து `ok`, `jadi`, `confirm`, சரி, முடிவு என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். நம் ஆட்கள் ஒரே பேச்சில் தமிழிலும் எழுதுவார்கள், ஆங்கில எழுத்திலும் எழுதுவார்கள். "பார்த்துக்கிறேன்" என்பதை ஒருவர் `paathukiren` என்பார், இன்னொருவர் `pathukaren` என்பார். முழுச் சொல்லைத் தேடினால் பாதி தப்பிவிடும். `athuk` என்று தேடினால் இரண்டும் அகப்படும்.

சொல் கிடைத்ததும் அங்கிருந்து மேலே போங்கள். யாரோ ஒருவர் கேள்வி கேட்ட இடம் வரை படியுங்கள். காரணம் எப்போதும் முடிவுக்கு மேலேதான் இருக்கும், கீழே இருக்காது.

இன்னொன்று: ஆண்ட்ராய்டில் எடுத்த கோப்பில் குரல் பதிவு இருந்த இடத்தில் `<Media omitted>` என்று மட்டும் நிற்கும். அந்த வரிக்குப் பிறகு பேச்சு சட்டென்று வேறு விஷயத்துக்குத் தாவினால், முடிவு அந்தக் குரலில்தான் இருக்கிறது. தேதியைக் குறித்துக்கொண்டு கைப்பேசியில் போய்க் கேளுங்கள்.

ஜார்ஜ்டவுன், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் குழு: எங்க குழுவுல யாரும் "முடிவு"ன்னு எழுதவே மாட்டாங்க. பேசுவோம், பேசுவோம், அப்புறம் எல்லாரும் சும்மா ஆயிடுவாங்க. எதை முடிவுன்னு எடுக்கிறது? பானம் விஷயத்துல சண்டையே வந்துடுச்சு. பேச்சு முழுக்க உங்களுக்கு அனுப்பியிருக்கேன்.

படித்தேன். நீங்கள் அனுமதித்ததால், பெயர்களை எடுத்துவிட்டுப் பதவிகளை மட்டும் வைத்து எழுதுகிறேன்.

ஜனவரி 4 இரவு, பெரிய குழுவில் பொருளாளர் கேட்கிறார்: பாட்டில் தண்ணீர் கொடுப்பதா, டிரம்மில் ரோஸ் சிரப் கலந்து கொடுப்பதா? ஒருவர், போன வருஷம் காலி பாட்டில் பொறுக்க நள்ளிரவு தாண்டியும் ஆள் நின்றதைச் சொல்கிறார். இன்னொருவர், டிரம் என்றால் பக்கத்தில் குழாய் வேண்டுமே என்கிறார். ஓர் இளைஞர் "டிரம்தான் சரி" என்று போட, அதற்குத் தலைவர் கட்டைவிரல் காட்டுகிறார். அத்தோடு பேச்சு நிற்கிறது. ஜனவரி 6, செயற்குழுவின் தனிக் குழுவில் பொருளாளர் "கப் யார் வாங்குறது?" என்கிறார். உதவிச் செயலாளர் "நான் பாத்துக்கறேன்" என்கிறார். உடனே தலைவரின் குரல் பதிவு ஒன்று. ஜனவரி 9, மறுபடி பெரிய குழுவில் துணைத் தலைவர்: "பாட்டில் 50 பெட்டி சொல்லியாச்சு." அங்கேதான் சண்டை.

கட்டைவிரலை நான் முடிவாக எடுப்பதில்லை. சிலருக்கு அது சம்மதம், சிலருக்குப் "படித்துவிட்டேன்" என்று அர்த்தம். மௌனமும் அப்படித்தான். நான் பார்ப்பது, எந்தச் செய்திக்குப் பிறகு ஒருவருடைய நடவடிக்கை மாறியது என்பதை. "கப் யார் வாங்குறது?" என்று கேட்பவர், டிரம் என்பது முடிந்துபோன விஷயம் என்று நினைக்கிறார். ஆக, முடிவு ஜனவரி 6-க்குள் விழுந்துவிட்டது. யார் அதிகாரத்தில் விழுந்தது என்பதற்கு அந்தக் குரல் பதிவைக் கேட்க வேண்டியிருந்தது. நீங்கள் கேட்டுச் சொன்னது: "டிரம்மே வச்சுக்குவோம். காவடி எடுக்கிறவங்களுக்கும் வயசானவங்களுக்கும் மட்டும் கொஞ்சம் பாட்டில் வச்சுக்கலாம்."

இப்போது துணைத் தலைவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவர் செயற்குழுவிலும் இருக்கிறார், அந்தக் குரலையும் கேட்டிருக்கிறார். "கொஞ்சம் பாட்டில்" என்றால் எத்தனை என்று யாரும் சொல்லவில்லை. அவர் 50 பெட்டி என்று எடுத்துக்கொண்டார். பெரிய குழுவில் இருந்தவர்களுக்கோ அந்தக் குரல் பதிவு போய்ச் சேரவே இல்லை. நான் எழுதிய வரி இது:

```
முடிவு 7 | ஜனவரி 6
என்ன: ரோஸ் சிரப் டிரம்மில் கலந்து, காகிதக் கப்பில்.
      காவடி எடுப்போருக்கும் முதியோருக்கும் மட்டும் பாட்டில்.
ஏன்:  பாட்டில் குப்பை அள்ள ஆள் போதவில்லை.
      பந்தல் அருகே குழாய் கிடைத்தால்தான் இது நடக்கும்.
யார்: உதவிச் செயலாளர் (கப்)
எப்போதுக்குள்: ஜனவரி 20
எங்கே: செயற்குழு, ஜன. 6, தலைவரின் குரல் பதிவு
நிலை: உறுதியாகவில்லை
```

"ஏன்" வரியில் இரண்டு விஷயம் இருக்க வேண்டும். ஒன்று, எதை விட்டோம், எதனால் விட்டோம். அது இல்லாவிட்டால் அடுத்த ஜனவரியில் யாராவது "பாட்டிலே கொடுக்கலாமே" என்று ஆரம்பிப்பார்கள், பழைய பேச்சு முழுவதும் திரும்ப நடக்கும். இரண்டாவது, எது மாறினால் முடிவு மாறும். இங்கே அது குழாய். குழாய் கிடைக்கவில்லை என்று தெரிந்த அன்றைக்கே யாரும் தயங்காமல் இதைத் திறந்து பேசலாம்.

இரண்டு தேதியும் வேண்டும்: முடிவெடுத்த நாள், வேலை முடிய வேண்டிய நாள். நீங்கள் எழுதியிருந்த பதிவில் ஒரே தேதிதான் இருந்தது. எது எந்தத் தேதி என்று இரண்டு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

நிலை "உறுதியாகவில்லை" என்று நான் போட்டதற்குக் காரணம், இது என் வாசிப்பு மட்டும்தான். இந்த வரியை இரண்டு குழுவிலும் போட்டு, "இப்படித்தான் முடிவானதாக எழுதுகிறேன், மறுப்பு இருந்தால் நாளை இரவுக்குள் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தலைவர் எழுத்தில் "சரி" என்று சொன்ன பிறகு நிலையை மாற்றுங்கள். 50 பெட்டியில் எத்தனை வைத்துக்கொள்வது, எத்தனை திருப்புவது என்பது முடிவு 8. அதற்குப் பொறுப்பு துணைத் தலைவர். அதை 7-க்குள் திணிக்காதீர்கள்.

செராஸ்: இதுக்கு ஏங்க இவ்வளவு வேலை? முக்கியமான செய்தியை மேல பின் பண்ணிட்டா போதுமே. நாங்க அப்படித்தான் செய்யறோம்.

இந்த வாரத்து வேலைக்கு அது போதும், நானும் செய்கிறேன். ஆனால் பின் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். நட்சத்திரம் போட்டு வைத்தால் அது உங்கள் கைப்பேசியில் மட்டும்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பின் செய்த செய்தியில் "டிரம்தான் சரி" என்பது இருக்கும். குழாய் இருக்காது, பாட்டில் விதிவிலக்கு இருக்காது. முடிவுப் பதிவு இருக்கும் கோப்பின் இணைப்பை வேண்டுமானால் பின் செய்து வையுங்கள், மாதம் ஒருமுறை புதுப்பியுங்கள்.

பாயான் லெப்பாஸ், மென்பொருள் குழு: நாங்க மென்பொருள் கட்டமைப்பு முடிவுகளுக்கு ஏடிஆர்ங்கற முடிவு ஆவணம் எழுதறோம். ஆனா ஸ்லேக் அரட்டையில தினமும் எடுக்கிற சின்ன முடிவுகள் விட்டுப் போகுது. எல்லாத்தையும் ஏடிஆர் ஆக்கச் சொன்னா ஒருத்தரும் எழுத மாட்டேங்கறாங்க.

எழுத மாட்டார்கள்தான். 2011-இல் மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் சொன்ன அந்த ஏடிஆர் வடிவம், தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவு என்று ஒன்றிரண்டு பக்கம் வரும். திருப்ப முடியாத, திருப்பினால் வலிக்கிற முடிவுக்கு அது தேவை. மற்றதற்கு மேலே போட்டது போல ஒரு வரிப் பதிவு போதும். திருப்ப ஒரு நாள் வேலைக்கு மேல் ஆகுமென்றால் ஏடிஆர், இல்லையென்றால் வரி என்று பிரித்துப் பாருங்கள்.

ஆனால் பந்தல் குழுக்காரர்களும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. பழைய முடிவை அழிக்கக் கூடாது, திருத்தவும் கூடாது. முடிவு 7 மாறினால் 11 என்று புதிதாக எழுதி, 7-இன் நிலையில் "11-ஆல் மாற்றப்பட்டது" என்று போட வேண்டும். 7-ஐ நம்பிக் கப் வாங்கியவர் ஏன் வாங்கினார் என்பது அப்போதுதான் தெரியும்.

அதே நண்பர்: ஒரு நாள்னு வச்சா எங்களுக்கு எல்லாமே ஏடிஆர் ஆயிடும் அக்கா. ஒரு வாரம்னு வச்சுப் பார்க்கறோம்.

வைத்துப் பாருங்கள். உங்கள் வேலையின் அளவு உங்களுக்குத்தான் தெரியும்.

கெப்போங், அடுக்குமாடிக் குடியிருப்பு: எங்க நிர்வாகக் குழு லிஃப்ட் பழுது பார்க்க வாட்சாப்புல ஒத்துக்கிட்டாங்க, இப்ப இல்லங்கறாங்க. முடிவுப் பதிவு எழுதி வழக்குப் போடலாமா?

அது வேறு விஷயம் ஐயா. முடிவுப் பதிவு என்பது நீங்கள் எழுதிய சுருக்கம், சாட்சியாக நினைத்து எழுதுவது இல்லை. மூலப் பேச்சை ஏற்றுமதி செய்து வையுங்கள், கைப்பேசியில் இருப்பதையும் அழிக்காதீர்கள், அந்தக் கூட்டத்தின் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

பட்டர்வொர்த், கோயில் துணைக்குழு: அம்மா, "யார்"ங்கற இடத்துல பேர் போட்டா பெரியவங்க கோவிச்சுக்கறாங்க. "எல்லாரும் சேர்ந்து செய்வோம்"னு எழுதச் சொல்றாங்க. இன்னொன்னு, போன வருஷச் சமையல்காரரை ஏன் விட்டோம்னு எழுதினா அவர் குடும்பத்துக்குத் தலைகுனிவு. என்ன செய்யறது?

முதல் கேள்விக்கு வழி இருக்கிறது மகளே. "யார்" என்ற தலைப்பை "யாரிடம் கேட்க வேண்டும்" என்று மாற்றிப் பாருங்கள். செய்பவர்கள் பத்துப் பேராக இருக்கலாம். எந்த நிலையில் இருக்கிறது என்று தொலைபேசியில் கேட்க ஒரே ஒருவர் இருந்தால் போதும். அப்படிச் சொன்னால் பெரியவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். "எல்லாரும்" என்று எழுதினால் யாருக்கும் போன் போட முடியாது.

இரண்டாவது எனக்கும் கஷ்டமான கேள்வி. "விலை ஒத்துவரவில்லை" என்று பொய் எழுதாதீர்கள். அடுத்த வருஷம் புதிதாக வருகிறவர் குறைந்த விலைக்கு அவரிடமே பேசி முடித்துவிடுவார். நான் இப்போது "காரணம் தலைவரிடம்" என்று எழுதுகிறேன். ஆனால் தலைவர் மாறினால் காரணமும் அவரோடு போய்விடும். இதற்குச் சரியான வழி என்னிடம் இல்லை. உங்கள் குழுவில் இதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.