கிலோவுக்கு எட்டு ரூபாய் நிற்கிறது, கை ஏன் கடிக்கிறது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் தோசை மாவு அரைத்து விற்கிறேன். பி.காம். படித்தவன், கணக்கு ஒழுங்காக எழுதுகிறேன். ஜூனில் கிலோ 70 ரூபாய், தினம் 100 கிலோ போனது. 60 ரூபாய் ஆக்கியதும் 150 கிலோ. இப்போது 54 ரூபாய், 180 கிலோ. அரிசி, உளுந்து, கரண்ட், கவர், ஆட்டோ, ஓவர்டைம் எல்லாம் சேர்ந்து அந்த மூன்று அளவுக்கும் நாளுக்கு 3,500, 5,625, 7,020 ரூபாய் ஆனது. வாடகையும் ஆள் சம்பளமும் தனியாக நாளுக்கு 1,200. எல்லாம் போக இன்றைக்கும் கிலோவுக்கு 8 ரூபாய் சொச்சம் நிற்கிறது. கடையில் கூட்டம் குறையவே இல்லை, ஆனால் மாதக் கடைசியில் கை கடிக்கிறது. பெரிய கிரைண்டரும் பேக்கிங் மெஷினும் வாங்கி 300 கிலோவுக்குப் போனால் சரியாகிவிடும் என்கிறார் மச்சான். ஒரு லோன் ஆப்பில் 5 லட்சம், 9 சதவீத வட்டி, 3 வருடம், மாதம் 17,640 ரூபாய். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். 300 கிலோ வேண்டாம், இப்போது அரைக்கும் 180 கிலோவே அதிகம். நீங்கள் நாளுக்குச் சுமார் 120 கிலோவில் நின்றிருக்க வேண்டும்.

உங்கள் நோட்டில் தப்பே இல்லை. தப்பு, அந்த நோட்டின் கடைசி வரியைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கத்தில் இருக்கிறது. மொத்த லாபத்தை மொத்தக் கிலோவால் வகுத்து, எட்டு ரூபாய் நிற்கிறது, இன்னும் அரைக்கலாம் என்கிறீர்கள். மச்சானும் அதே எட்டை 300-ஆல் பெருக்கி நாளுக்கு 2,400 ரூபாய் என்று சொல்லியிருப்பார். அந்த எட்டு ரூபாய் சராசரி. காலையில் விற்ற முதல் நூறு கிலோ சம்பாதித்ததை ராத்திரி அரைத்த கடைசிக் கிலோக்கள் தின்கின்றன, இரண்டையும் கலந்து வகுத்தால் மிஞ்சுவதுதான் எட்டு. இன்னும் ஒரு கிலோ அரைப்பதா என்ற கேள்விக்குச் சராசரி பதில் சொல்லாது. அந்த ஒரு கிலோ எவ்வளவு கொண்டுவருகிறது, எவ்வளவு கொண்டுபோகிறது என்பது மட்டும்தான் சொல்லும். கல்லூரியில் இறுதிநிலை வருவாய், இறுதிநிலைச் செலவு என்று படித்திருப்பீர்கள்.

முதலில் வரவு. 50 கிலோ கூடுதலாக விற்க 10 ரூபாய் குறைத்தீர்கள், அடுத்த 30 கிலோவுக்கு 6 ரூபாய் குறைத்தீர்கள். இரண்டு தடவையும் கிலோவுக்கு 20 பைசா. ஆக உங்கள் தெருவில் விலைக்கும் அளவுக்கும் உள்ள உறவு ஏறக்குறைய ஒரு நேர்கோடு. q என்பது நாளுக்கு விற்கும் கிலோ, p கிலோ விலை, R மொத்த வரவு, dR/dq அடுத்த ஒரு கிலோ கொண்டுவரும் வரவு, அதாவது R-இன் வகைக்கெழு என்றால்:

p = 90 − 0.2q
R = 90q − 0.2q²
dR/dq = 90 − 0.4q

இதில் q-க்கு 180 போட்டால் 18 ரூபாய் வரும். 54 ரூபாய்க்கு விற்கும் மாவு எப்படி வெறும் 18 ரூபாய் கொண்டுவரும் என்று தோன்றும். அந்த ஒரு கிலோவை விற்க விலையை 20 பைசா இறக்க வேண்டியிருந்தது. இறக்கிய விலை புதிதாக வந்தவருக்கு மட்டுமில்லை, பழைய விலைக்கே வாங்கத் தயாராக இருந்த எல்லாருக்கும் போகிறது. 180 கிலோவுக்கு 20 பைசா வீதம் 36 ரூபாய் அங்கே போய்விட்டது. 54-இல் 36 போனால் 18. கல்லாவில் இந்த 36 ரூபாய் எங்கேயும் செலவாக விழாது, அதனால்தான் கண்ணில் படவில்லை.

அடுத்தது செலவு. வாடகை, சம்பளம் நீங்கலாக 100 கிலோவில் கிலோவுக்கு 35 ரூபாய் ஆனது, 150-இல் 37.50, 180-இல் 39. ஒவ்வொரு கிலோ கூடும்போதும் சராசரி 5 பைசா ஏறுகிறது. காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும்: பகலில் முடிகிற வேலைக்கு ஓவர்டைம் கிடையாது, ராத்திரி ஓட்டும் ஈடுக்கு உண்டு. தூரத்து அப்பார்ட்மென்டுக்கு ஆட்டோ இரண்டாவது நடை போக வேண்டும். அதிகம் அரைத்தால் மிஞ்சிப் புளித்துப்போவதும் அதிகம். வாடகை, சம்பளத்தையும் சேர்த்து மொத்தச் செலவை C என்று எழுதினால்:

C = 1200 + 30q + 0.05q²
dC/dq = 30 + 0.1q

180 கிலோவில் இது 48 ரூபாய். 18 ரூபாய் கொண்டுவரும் கிலோவை 48 ரூபாய் கொடுத்து அரைக்கிறீர்கள். அந்தக் கடைசிக் கிலோவில் 30 ரூபாய் நஷ்டம். சராசரி அதே நேரத்தில் எட்டு ரூபாய் லாபம் என்று காட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டு வகைக்கெழுவும் சமமாகும் இடம் 90 − 0.4q = 30 + 0.1q, அதாவது q = 120. விலை 66 ரூபாய். வரவு 7,920, செலவு 4,320, வாடகையும் சம்பளமும் 1,200 போக நாளுக்கு 2,400 ரூபாய். இன்றைக்கு 180 கிலோ அரைத்து உங்களுக்கு நிற்பது 1,500. மச்சான் 300 கிலோவில் தேடும் அதே 2,400, கடன் இல்லாமல், ஓவர்டைம் இல்லாமல் 120 கிலோவிலேயே இருக்கிறது.

வகைக்கெழு எதற்கு, நோட்டில் இருக்கும் மூன்று வரிகளைக் கழித்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். கழித்துப் பாருங்கள். 100-இலிருந்து 150 போனபோது வரவு 2,000 கூடியது, செலவு 2,125 கூடியது. 125 ரூபாய் நஷ்டம், எனவே 100 கிலோவுக்கே திரும்பிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த 50 கிலோவும் ஒரே மாதிரி இல்லை. 100-ஐத் தாண்டியதும் அடுத்த கிலோ 50 ரூபாய் கொண்டுவந்து 40 ரூபாய் கொண்டுபோகிறது, பத்து ரூபாய் லாபம். 150-ஐத் தொடும்போது 30 கொண்டுவந்து 45 கொண்டுபோகிறது. நடுவில் எங்கே புரண்டது என்பதைப் பெரிய வித்தியாசம் மறைத்துவிடும், அந்தந்தப் புள்ளியில் உள்ள சரிவுதான் காட்டும். 1838-இலேயே பிரெஞ்சுக்காரர் கூர்னோ, செலவே இல்லாத கனிமநீர் ஊற்றுக்குச் சொந்தக்காரர் எவ்வளவு விற்க வேண்டும் என்பதை இப்படி வகைக்கெழு போட்டுத்தான் கண்டுபிடித்தார்: வரவின் வகைக்கெழு பூஜ்யமாகும் வரை. உங்களுக்கு அந்தப் பூஜ்யம் 225 கிலோவில் வருகிறது. அதற்கு மேல் அரிசியும் உளுந்தும் இலவசமாகக் கிடைத்தாலும் கல்லாப்பணம் குறையத்தான் செய்யும். 300 கிலோவில் இந்தக் கோட்டின்படி விலை 30 ரூபாய், வரவு 9,000. இன்றைய வரவே 9,720! நீங்கள் 180 வரைதான் விற்றுப் பார்த்திருக்கிறீர்கள், கோடு அவ்வளவு தூரம் அப்படியே போகும் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் அது உங்களுக்குச் சாதகமாக வளையும் என்பதற்கு மச்சானிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?

இப்போது கடன். மாதத் தவணை கிலோவோடு கூடாது, குறையாது. அதன் வகைக்கெழு பூஜ்யம். 120 கிலோதான் சரி என்றால், தவணை வந்த பிறகும் 120-தான் சரி. ஆனால் தவணை கட்ட வேண்டுமே என்ற பயத்தில் எல்லாரும் செய்வது விலையை இன்னும் இறக்கி இன்னும் அரைப்பது. சிறு கடைக்காரர்கள் இப்படியும் கடனில் மூழ்கலாம். மெஷின் பயன்படுமா என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: 120 கிலோ அளவில் அடுத்த கிலோவின் செலவை அது எவ்வளவு குறைக்கும்? தாராளமாக 4 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 480, மாதம் 14,400 சொச்சம். தவணையோ 17,640. கையிலிருந்து போட வேண்டும்.

அந்த 9 சதவீதத்தையும் பாருங்கள். 5 லட்சத்துக்கு 3 வருடம் முழுக்க வட்டி போட்டு 1,35,000 சேர்த்து 36-ஆல் வகுத்தால் 17,639 வருகிறது. அதாவது நீங்கள் அசலைக் கட்டக் கட்ட வட்டி குறையாத ஃபிளாட் வட்டி. வங்கியில் கணக்குப் போடும் முறையில் இது சுமார் 16 சதவீதம். ஃபோனில் ஐந்து நிமிடத்தில் வரும் கடனின் மீது எனக்கு இருக்கும் எரிச்சலுக்கு இதுதான் காரணம்.

உடனே 66 ரூபாய் போர்டு மாட்டிவிடாதீர்கள், வாடிக்கையாளர் பயந்துவிடுவார். முதலில் 56 ஆக்கி 170 கிலோ மட்டும் அரையுங்கள். என் கணக்குப்படி வரவு 200 ரூபாய் குறையும், செலவு 475 ரூபாய் குறையும், நாளுக்கு 275 மிஞ்சும். இரண்டு வாரம் பார்த்து, கூடியிருந்தால் அடுத்த இரண்டு ரூபாய். ஒவ்வொரு படியிலும் மிச்சம் சுருங்கிக்கொண்டே வரும்: 130-இலிருந்து 120-க்கு வருவதில் நாளுக்கு 25 ரூபாய்தான் வித்தியாசம். எனவே 110-க்கும் 130-க்கும் நடுவில் எங்கே நின்றாலும் பரவாயில்லை, 118-ஆ 122-ஆ என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நோட்டில் கிலோவுக்கு எவ்வளவு என்ற பத்தியை அடித்துவிட்டு, போன படிக்கும் இந்தப் படிக்கும் மொத்த வரவில் என்ன மாறியது, மொத்தச் செலவில் என்ன மாறியது என்று இரண்டு பத்தி போடுங்கள்.

உளுந்து விலை ஏறினால் செலவுக் கோடு மேலே போகும். டிசம்பர் குளிரில் மாவு சரியாகப் பொங்காது, அந்த மாத எண்களை ஏப்ரல் எண்களோடு கலந்தால் கோடு பொய் சொல்லும். பக்கத்துக் கடைக்காரரும் விலையை மாற்றினால் திரும்பவும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

ஒரு பிஜி மெஸ் தினம் 20 கிலோ 50 ரூபாய்க்குக் கேட்டால் கொடுக்கலாமா? அந்த விலை உங்கள் கடை போர்டைத் தொடாது என்றால் கொடுக்கலாம். அங்கே பழைய வாடிக்கையாளருக்கு விலை இறங்கவில்லை, எனவே 50 ரூபாயும் முழுசாக வரவு, 120-இலிருந்து 140 கிலோவுக்குள் அடுத்த கிலோவின் செலவு 42-இலிருந்து 44. பத்து நிமிட டெலிவரி ஆப் என்றால் யோசியுங்கள்: கமிஷன், திரும்பி வரும் பாக்கெட் எல்லாம் போக கைக்கு வருவது 44-க்கு மேல் இருக்க வேண்டும், உங்கள் தெருக்காரரே ஃபோனில் அந்த விலையைப் பார்த்துவிட்டு கவுன்டருக்கு வராமல் போகவும் கூடாது. அல்சூர் மாதிரி இடத்தில் இரண்டாவது நடக்காது என்று யாராலும் சொல்ல முடியாது.

மச்சானுக்குத் தொழிலில் பங்கு வேண்டும் என்றால், கடனில் கையெழுத்தும் அவருடையதாக இருக்கட்டும். அதற்கு அவர் தயாரா என்று கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.