குழந்தை முகமும் ஆபீஸ் அதிகாரமும்

குழந்தையின் உருண்டை முகத்தைப் பார்த்தால் கொஞ்சத் தோன்றுகிறது. அதே சாயலுள்ள பெரியவர் சொல்வதை மட்டும் ஆபீஸில் ஏன் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை?

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அகன்ற நெற்றி, பெரிய கண்கள், உப்பிய கன்னம், சின்னத் தாடை ஆகியவை சேர்ந்தால் நமக்குள் பராமரிக்கும் உணர்வு தானாகவே எழுகிறது என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943-இல் எழுதினார். பிள்ளை பெறாத பெண்களிடம்கூட இத்தகைய குழந்தை முகங்களின் படங்கள், மகிழ்ச்சியை உணர்த்தும் மூளையின் வெகுமதிப் பகுதியைத் தூண்டியதை 2009-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

சிக்கல் என்னவென்றால், இந்த உணர்வு வயது பார்ப்பதில்லை. உளவியலாளர் லெஸ்லி ஸெப்ரோவிட்ஸின் ஆய்வுகளில், குழந்தை முகமுள்ள பெரியவர்களை மக்கள் நேர்மையானவர், அன்பானவர் என்றார்கள். கூடவே வெகுளி, பணிந்து போகிறவர் என்றும் கணித்தார்கள். பாசம் வந்த இடத்தில் பயம் வராது, அவ்வளவுதான்!

ஆனால் எல்லோருக்கும் இது பாதகம் இல்லை. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களை நடத்திய கறுப்பினத் தலைவர்களின் முகம் வெள்ளையினத் தலைவர்களுடையதைவிடக் குழந்தைத்தனமாக இருந்ததை ஆய்வாளர்கள் லிவிங்ஸ்டனும் பியர்ஸும் 2009-இல் கண்டார்கள். முரடர் என்ற முன்முடிவோடு பார்க்கப்படுபவருக்கு மென்மையான முகம் கேடயமாகிறது. வெள்ளையின ஆண் தலைவர்களுக்கு அந்தச் சலுகை தேவைப்படவில்லை.