புயலில் ஒதுங்கியவர்களா, திட்டமிட்டுப் போனவர்களா?

கேள்வி: காம்பஸ், வரைபடம் எதுவும் இல்லாமல் பாலினீசியர்கள் பசிபிக்கின் மூலைமுடுக்குத் தீவுகளையெல்லாம் தேடிப் பிடித்தார்கள் என்பது கொஞ்சம் மிகைதானே சார்? புயலில் அடித்துக்கொண்டு போய்க் கரை ஒதுங்கிய மீனவர்கள் என்று சொன்னால் போதாதா?
— வாசகர், காரைக்கால்

பதில்: மீன் பிடிக்கப் போனவன் படகில் பன்றி எதற்கு? கோழி, நாய், சேம்பு, வாழைக்கன்று, சீமைப்பலாக் கன்று எதற்கு? அதோடு பெண்கள் எதற்கு? ஹவாயில் இவை எல்லாமே மனிதரோடு வந்து இறங்கியிருக்கின்றன. வழி தவறியவன் இப்படி மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப மாட்டான், குடியேறப் போகிறவன்தான் கிளம்புவான்.

உங்கள் சந்தேகம் புதிதல்ல. ஆண்ட்ரூ ஷார்ப் என்ற நியூசிலாந்து வரலாற்றாளர் 1956-ல் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். தொலைதூரத் தீவுகளைத் திட்டமிட்டுத் தேடிப் போய்த் திரும்பியிருக்க முடியாது, எல்லாம் தற்செயல் என்றார். அப்புறம் 1970-களின் தொடக்கத்தில், காற்றையும் நீரோட்டத்தையும் கணினியில் போட்டு, கட்டுப்பாடின்றி மிதக்கும் படகுகள் எங்கே போய்ச் சேரும் என்று லட்சத்துக்கும் மேற்பட்ட முறை ஓட்டிப் பார்த்தார்கள். ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு மூன்றுக்கும் அப்படி மிதந்தே போய்ச் சேர வாய்ப்பு அநேகமாக இல்லை என்று வந்தது. பசிபிக்கின் வெப்ப மண்டலத்தில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்துதான் வீசும், நீரோட்டமும் பெரும்பாலும் மேற்கு நோக்கித்தான். இவர்கள் குடியேறிக்கொண்டே போனதோ மேற்கிலிருந்து கிழக்காக, அதாவது காற்றை எதிர்த்து!

கணினி ஒருபுறம் இருக்கட்டும், கடலிலேயே செய்து பார்த்த கதை இருக்கிறது. 1976 மே முதல் தேதி, ஹவாயின் மாவி தீவிலிருந்து ஹோகுலேயா என்ற பாய்மரப் படகு தெற்கே உள்ள தஹித்தித் தீவுக்குக் கிளம்பியது. இரண்டு நீண்ட ஓடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலே தளம் கட்டிய, பழைய மாதிரிப் படகு. தூரம் 4,000 கிலோமீட்டருக்கு மேல். கருவி எதுவும் கிடையாது. வழிகாட்டி மௌ பியாலுக், மைக்ரோனீசியாவின் சதவால் என்ற குட்டித் தீவுக்காரர். ஹவாயில் அந்த வித்தை தெரிந்தவர் ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை, அதனால்தான் வெளியிலிருந்து ஒருவரை அழைக்க வேண்டியிருந்தது. அவருக்கோ இந்தத் தென்கடல் புதிது.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஒரு நட்சத்திரம் இன்றைக்கு அடிவானத்தில் எந்த இடத்தில் முளைத்ததோ, நாளைக்கும் அதே இடத்தில்தான் முளைக்கும். நேரம் மட்டும் நான்கு நிமிடம் முந்தும். அது மேலே ஏறிவிட்டால் திசை காட்டப் பயன்படாது. ஆனால் அதே இடத்தில் முளைக்கும் அடுத்த நட்சத்திரம் வந்துவிடும், அதற்குப் பின் இன்னொன்று. எந்த இடத்தில் எவையெல்லாம் முளைக்கும், எங்கே மறையும் என்று வானத்தின் முழு வட்டமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். சூரியன் காலையிலும் மாலையிலும் உதவும், நண்பகலில் உதவாது. மேகம் மூடினால் நட்சத்திரமும் இல்லை.

அப்போது கைகொடுப்பது அலை. படகைச் சுற்றி அந்தந்த நேரத்துக் காற்று கிளப்பும் சிற்றலையைச் சொல்லவில்லை, எங்கோ தொலைவில் நாட்கணக்காக வீசும் காற்று எழுப்பி அனுப்பும் நீண்ட அலையைச் சொல்கிறேன். அது லேசில் திசை மாறாது. ஹவாயிலிருந்து தென்கிழக்காகப் போகும் படகுக்கு வடகிழக்கு அலை இடப்பக்கம் வந்து மோதி, படகைப் பக்கவாட்டில் உருட்டும். படகு சற்றுத் திரும்பினாலும் உருட்டலோடு முன்பின் ஆட்டம் கலக்கும். ஆட்டம் மாறினால் திசை மாறிவிட்டது என்று அர்த்தம். மௌ இருட்டில் படகின் உள்ளே படுத்துக்கொண்டே இதை உணர்வார் என்று கூட வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

திசை சரி, எவ்வளவு தூரம் வந்தோம்? வடக்கு–தெற்குக் கணக்கை வானமே சொல்லும். துருவ நட்சத்திரம் ஹவாயில் அடிவானத்துக்கு மேல் சுமார் 20 பாகையில் நிற்கும், தெற்கே போகப் போக இறங்கி, நிலநடுக்கோட்டருகே மறைந்துவிடும். திரும்பி வரும்போது திரிசங்கு என்ற தென்வானத்து நட்சத்திரக் கூட்டம் பயன்படும். அதன் மேல்நட்சத்திரமும் கீழ்நட்சத்திரமும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிமிர்ந்து நிற்கும் நேரத்தில், இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும், கீழ்நட்சத்திரத்துக்கும் அடிவானத்துக்கும் இடையே உள்ள தூரமும் சமமாக இருந்தால் ஹவாயின் அட்சரேகைக்கு வந்தாயிற்று.

கிழக்கு–மேற்குக் கணக்குக்கு இப்படி ஒரு அடையாளம் வானத்தில் இல்லை. படகின் வேகம், போன நேரம், நீரோட்டம் தள்ளிய அளவு எல்லாவற்றையும் மனத்திலேயே கூட்டிக் கழிக்க வேண்டும், தவறு சேர்ந்துகொண்டே போகும். அதற்கு ஒரு தந்திரம் உண்டு. இலக்கை நேராகக் குறி வைக்காமல், காற்று வரும் பக்கமாக, வேண்டுமென்றே கிழக்கே தள்ளிப் போவது. சரியான அட்சரேகை வந்ததும் காற்றோடு மேற்கே திரும்பினால் தீவு முன்னால்தான் இருந்தாக வேண்டும். நேராகப் போய்த் தவறவிட்டவனுக்கு இடது பக்கம் தேடுவதா, வலது பக்கம் தேடுவதா என்றே தெரியாது.

தீவு சின்னப் புள்ளிதானே என்பீர்கள். தஹித்திக்கு வடகிழக்கே துவாமோத்து என்ற பவளத் தீவுக் கூட்டம் 1,500 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. ஒவ்வொன்றும் தாழ்ந்த மணல்திட்டு, தென்னை உச்சி தெரியவே பதினைந்து கிலோமீட்டருக்குள் வர வேண்டும். ஆனால் வெள்ளை ஆலா என்ற பறவை நிலத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேலும் மீன் தேடி வரும், இருட்டுமுன் திரும்பிவிடும். ஆக ஒவ்வொரு தீவைச் சுற்றியும் பறவைகளால் ஒரு பெரிய வட்டம் விழுகிறது, வட்டங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால் கடலில் ஒரு வேலியே எழுந்துவிடும். கடலிலேயே தங்கும் பறவைகளை நம்பக் கூடாது, இரவு கரைக்குத் திரும்புகிற இனம்தான் கணக்கு. மௌ ஒரு மாதத்தில் இந்தக் கூட்டத்தின் மேற்கு ஓரத்து மத்தாயிவா தீவைப் பிடித்தார். ஜூன் 4-ல் தஹித்தியின் பப்பேட்டே துறைமுகம்.

பறவையைப் படிப்பதிலும் பிசகலாம். 1980-ல் நைனோவா தாம்சன் என்ற ஹவாய் இளைஞர் அதே வழியில் படகை நடத்தினார், மௌ கூடவே இருந்தார். தீவுகள் நெருங்கிய ஒரு காலையில் பறவை ஒன்று பறந்து போனது. காலையில் பறவை நிலத்தைவிட்டுக் கடலுக்கு வரும், ஆகவே அது வந்த திசையில்தான் தீவு என்று முடிவு செய்தார் நைனோவா. பாடம் அப்படித்தான். மௌ குறுக்கிட்டு, படகைத் திருப்பி அது போகும் பக்கம் போகச் சொன்னார், தீவு அங்கேதான் இருந்தது. பறவையின் அலகில் மீன் இருந்ததை அவர் கவனித்திருந்தார். குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில் அது காலையிலேயே கூட்டுக்கு இரை கொண்டு போகும்.

இதெல்லாம் தெரிந்த தீவுக்குப் போகும் வழி, யாருக்குமே தெரியாத தீவை முதலில் கண்டுபிடித்தது எப்படி என்று அடுத்த வாரம் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். கீழைக்காற்று சில மாதங்களில் தளர்ந்து மேலைக்காற்று வீசும். தஹித்திக்கு அருகிலுள்ள ராயதேயா தீவின் கடல்வழிகாட்டி துபாயா 1769-ல் கேப்டன் குக்கிடம், நவம்பர் முதல் ஜனவரி வரை அந்தக் காற்று வரும், அதில்தான் கிழக்கே போவோம் என்று விளக்கியிருக்கிறார். ஒன்றும் அகப்படாவிட்டால் வழக்கமான கீழைக்காற்று திரும்பியதும் அதுவே வீட்டுக்குத் தள்ளிவிடும். நிலம் இருக்கிறது என்ற துப்பைப் பறவையே கொடுத்திருக்கலாம் என்றும் ஒரு ஊகம் உண்டு. நம் கரைகளுக்கும் குளிர்காலத்தில் வரும் பொன்னிற உப்புக்கொத்தி, அங்கே ஆண்டுதோறும் வடக்கு நோக்கிப் போகும். அது கடலில் இறங்கி இளைப்பாறும் இனமல்ல. அதன் வேகத்துக்குப் படகு பின்தொடர முடியாது, திசை மட்டும்தான் கிடைக்கும்.

கிளம்பிய எல்லோரும் சேர்ந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சேர்ந்த இடத்திலும் எல்லோரும் நிலைக்கவில்லை. பிட்கெர்ன், ஹெண்டர்சன் தீவுகளில் ஆட்கள் வாழ்ந்த தடயம் இருக்கிறது, ஐரோப்பியர் வந்தபோது இரண்டிலும் ஒரு ஆள் இல்லை.