அவித்த முட்டை எத்தனை நேரம் தாங்கும்?

"மதியம் 2 மணிக்கு முட்டை அவித்து, ஓடு உரித்து டப்பாவில் எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் மாலை ரயில் ஏறினால், இரவு 9 மணிக்குச் சாப்பிடலாமா? ஃபிரிட்ஜில் வைத்தால் எத்தனை நாள் இருக்கும்?"

இரவு 9 மணிக்கு வேண்டாம். அவித்த முட்டை, உரித்ததோ உரிக்காததோ, வெளியே 2 மணி நேரம்தான் இருக்கலாம். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்; நம் மாவட்டத்தில் பங்குனி, சித்திரையில் இதுதான் கணக்கு. உங்களுடையது 7 மணி நேரம் டப்பாவில் கிடக்கும்.

பச்சை முட்டை மேசையில் நாள்கணக்கில் கிடக்கிறதே என்று தோன்றலாம். அதன் ஓட்டில் நுண்துளைகளை மூடும் மெல்லிய படலம் உண்டு. கொதிநீர் அதைக் கெடுத்துவிடுகிறது. உரித்துவிட்டாலோ, கையிலிருக்கும் கிருமி ஈரமான வெள்ளைக்கருவில் நேரே ஒட்டிக்கொள்கிறது.

எனவே அவித்து ஆறியதும் ஓட்டோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரம் தாங்கும். உரித்ததையும் மூடிய டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். ஆனால் அது காய்ந்து ரப்பர் போலாகும். அன்றோ மறுநாளோ தின்றுவிடுவது நல்லது. ரயிலுக்கு, கிளம்பும்போது குளிர்ந்த முட்டையை ஓட்டோடு ஐஸ் கட்டிகளுடன் கட்டுங்கள். சாப்பிடும்போது ஐஸ் முழுக்க உருகி முட்டை வெதுவெதுப்பாக இருந்தால் எறிந்துவிடுங்கள்.

மஞ்சள் கருவைச் சுற்றிய பச்சை வளையம் கூடுதலாக வெந்ததன் அடையாளம், கெட்டதல்ல. வெள்ளைக்கரு பிசுபிசுத்தால் கெட்டது. வாடையே இல்லாவிட்டாலும் கிருமி இருக்கலாம், மூக்கை நம்பாமல் கடிகாரத்தைப் பாருங்கள்.