ஆல்பத்தில் பழைய பெயர், வீட்டில் யாழினி

கேள்வி: எங்கள் வீட்டுக் கடைசிப் பிள்ளையைத் தம்பி என்றுதான் வளர்த்தோம். ஒரு வருடமாக அவள் திருநங்கையாக, தானே வைத்துக்கொண்ட பெயரோடு வாழ்கிறாள். அம்மா உட்பட எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். ஆனால் பழைய ஆல்பத்தைத் திறந்தாலும், வாட்ஸ்அப்பில் பழைய அரட்டையைப் பார்த்தாலும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. அடுத்த மாதம் அம்மாவின் 70ஆவது பிறந்தநாளுக்குப் பழைய படங்களை டிவியில் ஓடவிடப் போகிறோம். எதை மாற்றுவது, எதை விடுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்கள் எழுதியிருந்த பழைய பெயரை அச்சிடவில்லை, சகோதரி. புதிய பெயரையும் யாழினி என்று மாற்றியிருக்கிறோம்.

படங்களைத் தொடுவதற்கு முன் யாழினியிடம் தனியாகப் பேசுங்கள். குடும்பக் குழுவில், பத்துப் பேர் பார்க்க, "பழைய போட்டோ போடலாமா?" என்று கேட்டால் அவள் "சரி" என்றுதான் சொல்வாள். அந்தச் சரிக்கு அர்த்தமில்லை. தேர்ந்தெடுத்த படங்களை முதலில் அவளுக்கு மட்டும் அனுப்பி, வேண்டாதவற்றை எடுத்துவிடச் சொல்லுங்கள். காரணம் கேட்காதீர்கள். குழந்தைப் படங்கள் எல்லாமே இருக்கட்டும் என்பவர்கள் உண்டு. குறிப்பிட்ட வயதுப் படங்களை மட்டும் வேண்டாம் என்பவர்களும் உண்டு. வெளியிலிருந்து ஊகிக்க முடியாது. விழாவுக்கு வருகிறவர்களில் யாருக்கு இன்னும் விஷயம் தெரியாது, அவர்கள் முன் எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்பதையும் அப்போதே கேளுங்கள். சிலரிடம் சொல்வதற்கு அவள் இன்னும் தயாராக இல்லாமல் இருக்கலாம். ஆர்வத்தில் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது.

நேரில் சரியாக அழைக்கிற நாக்கு ஆல்பத்தின் முன் தடுமாறுவது இயல்பு. அந்தப் படமும் அந்தப் பெயரும் பல வருடங்களாகச் சேர்ந்தே மனதில் பதிந்தவை. படத்தைக் கண்டதும் பெயரும் கூடவே எழுகிறது. எனவே பயிற்சியையும் படத்தை வைத்தே செய்ய வேண்டும். நீங்களும் அம்மாவும் ஒரு மாலை ஆல்பத்தோடு உட்காருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வாக்கியம், வாய்விட்டு: "இது யாழினி மூணாம் வகுப்புல படிக்கும்போது எடுத்தது." அப்போது அந்தப் பெயர் இல்லையே என்று அம்மா கேட்கலாம். படத்தில் இருப்பது யாழினிதானே? அவளே வேறு விதமாகச் சொன்னாலொழிய, பழைய காலத்தைப் பேசும்போதும் இன்றைய பெயர்தான்.

பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு வாக்கியத்தின் கடைசியில் சறுக்குபவர்கள் அதிகம். "யாழினி மரத்துலேருந்து விழுந்தான்" என்று வந்துவிடும். பெயரைவிட இந்த விகுதிதான் சட்டென்று காதில் உறுத்தும். "விழுந்தாள்" பழகும்வரை, "யாழினி மரத்துலேருந்து விழுந்தப்போ எடுத்தது" என்பதுபோல ஆண், பெண் காட்டாத வடிவத்தில் முடிக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு இது எளிது. மரியாதைப் பன்மையில் "விழுந்தாங்க" என்றும் தப்பிக்கலாம்தான். ஆனால் கடைசிப் பிள்ளையிடம் அம்மா திடீரென்று அப்படிப் பேசினால் விலக்கி வைத்ததுபோல ஒலிக்கும். 'டா', 'டி' விஷயத்தையும் அவளிடமே கேளுங்கள். குட்டி, கண்ணு போன்ற செல்லப் பெயர் ஏதாவது இருந்து, அது அவளுக்கும் பிடித்திருந்தால், தாராளமாகத் தொடரலாம்.

எவ்வளவு பழகினாலும் ஒருமுறை தவறும். அப்போது அதே மூச்சில் திருத்திவிட்டுக் கதையைத் தொடருங்கள்: "...யாழினி அன்னைக்கு அழுதுட்டே வந்தா..." அவ்வளவு போதும். "ஐயோ, மன்னிச்சிடுமா, எனக்கு வயசாயிடுச்சு" என்று நீட்டினால், கூடத்தில் எல்லோர் கண்ணும் அவள் மேல் விழும். அவளே உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். மற்றவர்கள் தவறினால் திருத்தும் வேலையை யாழினியிடம் விடாதீர்கள். நீங்களோ இன்னொருவரோ அடுத்த வாக்கியத்தில் சரியான பெயரை வைத்துப் பேசினாலே பெரும்பாலானோர் பிடித்துக்கொள்வார்கள்.

போனுக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் அரட்டையின் தலைப்பாகத் தெரியும் பெயர், உங்கள் போனில் அந்த எண்ணை எப்படிச் சேமித்திருக்கிறீர்களோ அதுதான். அதை மாற்றினால் பல வருட அரட்டைக்கும் புதிய பெயர் வந்துவிடும். ஆனால் இந்த மாற்றம் உங்கள் போனில் மட்டும்தான். அம்மாவின் போனை நீங்களேதான் மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றிய பிறகும் பழைய பெயர் எட்டிப் பார்த்தால், அதே எண் சிம்மிலும் கூகுள் கணக்கிலும் தனித்தனியாகப் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். பெயரால் தேடாமல் எண்ணால் தேடினால் இரண்டும் அகப்படும்.

பழைய செய்திகளுக்குள் தட்டச்சு செய்யப்பட்ட பெயர் அப்படியேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம். எல்லோருக்குமாக நீக்குவதும் இரண்டரை நாளுக்குள் செய்தால்தான் உண்டு. ஆகவே பழைய அரட்டையைத் துடைக்க முயல வேண்டாம். அங்கிருந்து படத்தை மற்றவர்களுக்கு அனுப்பும்போது மட்டும் கவனம் தேவை. 'ஃபார்வர்டு' செய்தால் கீழே எழுதியிருந்த வரியும் சேர்ந்து போகலாம். படத்தைச் சேமித்து, புதிதாக அனுப்புங்கள். குடும்பக் குழுவின் தலைப்பிலேயே பிள்ளைகளின் பெயர்கள் இருந்தால் மாற்றுங்கள். யார் மாற்றினார்கள் என்ற அறிவிப்பு எல்லோருக்கும் விழும் என்பதால் விழா நாளில் செய்யாமல் முன்பே செய்துவிடுவது நல்லது.

விசைப்பலகையையும் மறக்காதீர்கள். பழைய பெயரின் முதல் எழுத்தைத் தட்டியதும் அது முழுப் பெயரையும் நீட்டும். ஜிபோர்டில் அந்தப் பரிந்துரையை அழுத்திப் பிடித்து, திரையில் தோன்றும் குப்பைத்தொட்டிக்கு இழுத்தால் போய்விடும்.

பிறந்தநாள் தொகுப்பில் பெயர் வெளிப்படையாகத் தெரியாத இடங்களில்தான் ஆபத்து. கூகுள் போட்டோஸில் முகத்துக்குக் கொடுத்த பெயரை ஓரிடத்தில் மாற்றினால் அந்த முகமாக அது அடையாளம் கண்ட எல்லாப் படங்களுக்கும் மாறும். ஆல்பத் தலைப்பும் படக்குறிப்பும் மாறாது, அவற்றைக் கையால்தான் மாற்ற வேண்டும். படத்துக்கு உள்ளேயே பெயர் இருக்கும்: பிறந்தநாள் கேக்கின் மேல், பரிசுக் கோப்பையில், சுவரில் ஒட்டிய தாளில். அந்த இடத்தை மங்கலாக்காதீர்கள். மங்கலான இடத்தைத்தான் எல்லோரும் உற்றுப் பார்ப்பார்கள், "அங்கே என்ன இருந்தது?" என்று ஒரு குழந்தை கேட்டும்விடும். படத்தைப் பிரதி எடுத்து, பிரதியில் அந்தப் பகுதியை வெட்டி, முகங்கள் பெரிதாகத் தெரியும்படி வையுங்கள். கேக் இருக்கும் பகுதியை வெட்டினால் படமே கெடும் என்றால் வேறு படத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய வீடியோக்களை ஒலியோடு முழுமையாக ஒருமுறை கேளுங்கள். பின்னால் எங்கோ நின்று யாராவது அந்தப் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். அந்தத் துண்டில் ஒலியை நிறுத்தி இசையைச் சேர்த்துவிடுங்கள். சேமிக்கும் கோப்பின் பெயரையும் பாருங்கள். டிவியில் பென்டிரைவைச் செருகியதும் முதலில் தெரிவது அதுதான்.

காகித ஆல்பத்தில் பழைய பெயரைப் பேனாவால் அடித்துவிடாதீர்கள். படத்தின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவை அழுத்தினால் முன்பக்கத்தில் தடம் தெரியும். மையும் அடுத்த படத்தில் ஒட்டலாம். ஸ்டிக்கரின் பசை காலப்போக்கில் மஞ்சளாகும். குறிப்பு ஆல்பத் தாளில் இருந்தால், அதே அளவில் ஒரு வெள்ளைத் தாளில் "யாழினி, 5 வயது" என்று எழுதி மேலே செருகினால் போதும். பின்னால் பிரித்தும் எடுக்கலாம். ஆல்பத்தின் அட்டையில் பெயர் பொறித்திருந்தால் அதற்கு ஓர் உறை போடுங்கள். யாழினி வேண்டாம் என்று சொன்ன படங்களைக் கிழிக்காமல் ஓர் உறையில் போட்டு அவளிடமே கொடுத்துவிடுங்கள். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும்.