முடிவே ஆகலை, ஆனா வதந்தி ஓடுது: கஞ்சிக்கோடு, வாளையார் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

கஞ்சிக்கோடு, உதிரிபாகத் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவு: எங்ககிட்ட 180 பேர். ஒரு பெரிய கஸ்டமர் ஆர்டரை மூணுல ஒரு பங்கு குறைச்சிட்டாங்க. என்ன செய்யறதுன்னு 24ஆம் தேதி டைரக்டர்கள் கூட்டத்துலதான் பேசுவாங்க. அதுக்குள்ள '60 பேர் லிஸ்ட் ரெடி'ன்னு வாய்ஸ் மெசேஜ் சுத்துது. 'அப்படி எதுவும் இல்லை'ன்னு நோட்டீஸ் ஒட்டிடலாமா?

ஒட்டாதீங்க. 24ஆம் தேதி பத்துப் பேரைக் குறைக்கிறதா முடிவானாக்கூட, அதுக்கப்புறம் நீங்க ஒட்டுற எந்த நோட்டீஸையும் யாரும் நம்ப மாட்டாங்க.

முதல்ல அந்த 60 எங்கிருந்து வந்ததுன்னு பாருங்க. 180ஐ மூணால வகுத்திருக்காங்க, அவ்வளவுதான். ஆனா குறைஞ்சது அந்த ஒரு கஸ்டமரோட ஆர்டர்ல மூணுல ஒரு பங்கு. அவங்க வேலை உங்க உற்பத்தியில பாதின்னு வச்சுக்கிட்டா, மொத்தத்துல குறையறது ஆறுல ஒரு பங்கு. இதை யாரும் எடுத்துச் சொல்லாததால தப்புக் கணக்கு ஊரைச் சுத்துது. நோட்டீஸ் இப்படி இருக்கலாம்:

"கஸ்டமர் ஆர்டர் குறைந்திருப்பது உண்மை. நம் மொத்த உற்பத்தியில் அது ஆறில் ஒரு பங்கு. ஆட்களைக் குறைப்பது பற்றி இன்றுவரை முடிவு எதுவும் எடுக்கவில்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. குறைக்கவே மாட்டோம் என்று இன்று உறுதி சொல்லவும் முடியாது. ஓவர்டைமை நிறுத்துவது, வெளியே கொடுத்த வேலையைத் திரும்ப இங்கே கொண்டுவருவது ஆகியவற்றைப் பார்த்து வருகிறோம். 24ஆம் தேதி டைரக்டர்கள் கூடுகிறார்கள். முடிவு ஆனாலும் ஆகாவிட்டாலும் 25ஆம் தேதி ஷிப்ட் தொடக்கத்தில் நேரில் வந்து சொல்வோம். இந்த மாதச் சம்பளம் வழக்கமான தேதியில் வரும்."

மேனேஜர் பெயரும் கையெழுத்தும் கீழே இருக்கணும். 'நிர்வாகம்'னு மட்டும் போட்டா, கேள்வியோட யார்கிட்டப் போறதுன்னு யாருக்கும் தெரியாது.

'பட்டியல் இல்லை'ங்கிற வரியை எழுதறதுக்கு முன்னாடி உற்பத்தி மேனேஜர், அக்கவுன்ட்ஸ் ரெண்டு பேரையும் கேட்டுருங்க. 'சும்மா ஒரு கணக்குப் பார்க்க'ன்னு யாராவது ஒரு எக்ஸெல் போட்டிருப்பாங்க, அது பிரின்டர்ல கிடக்கும். அப்படி ஒண்ணு இருந்தா அந்த வரியை எடுத்துடுங்க. பங்குச் சந்தையில இருக்கிற கம்பெனின்னா, ஆர்டர் விவரத்தை வெளியே சொல்றதுக்கு முன்னாடி கம்பெனி செக்ரட்டரி பார்க்கணும். அதுக்கு செபி விதி இருக்கு.

வாளையார், ஷிப்ட் சூப்பர்வைசர்: நோட்டீஸ் ஒட்டின பிறகுதான் எனக்கே விஷயம் தெரியுது. நைட் ஷிப்ட்ல ஆளுங்க சுத்தி நின்னு கேக்கிறாங்க, நான் என்னத்தைச் சொல்றது?

தப்பு உங்க மேல இல்லைங்க. மத்தவங்களுக்குச் சொல்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி சூப்பர்வைசர்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்.

நைட் ஷிப்ட்தான் எப்பவும் விட்டுப்போகுது. 6, 2, 10ன்னு ஷிப்ட் ஓடுற இடத்துல காலை 6 மணிக்குப் பேசினா, முடிச்சுட்டுக் கிளம்பறவங்க, உள்ள வர்றவங்க ரெண்டு பேரையும் பிடிச்சிடலாம். மத்தியானம் 2 மணிக்கு இன்னொரு தடவை. எட்டு மணி நேரத்துல எல்லார் காதுலயும் ஒரே பேச்சு விழுந்துடும். அதையே காலை 10 மணிக்கு ஆபீஸ் ஹால்ல வச்சா, நைட் ஆளுங்களுக்கு பஸ்ல பக்கத்து சீட்காரர் சொல்லித்தான் தெரியும்.

உங்களுக்கு மூணு வாக்கியம் போதும். தெரிஞ்சது இது. இது எனக்குத் தெரியாது. கேட்டு நாளைக்கு ஷிப்ட் தொடங்கறதுக்குள்ள சொல்றேன். கேள்வியை அவங்க கண்ணு முன்னாடியே நோட்டுல எழுதுங்க. பதில் கிடைக்கலைன்னாலும் மறுநாள் போய் 'இன்னும் கிடைக்கலை'ன்னு சொல்லுங்க. 'எனக்குத் தெரிஞ்சு உனக்கு ஒண்ணும் ஆகாது'ன்னு மட்டும் தைரியம் சொல்லிடாதீங்க. பக்கத்துல நிக்கிறவருக்கு, அப்போ எனக்குத்தான் போலன்னு தோணிடும்.

கான்ட்ராக்டர் ஒருவர்: இங்கே எல்லாருக்கும் மலையாளம் புரியும். ஒரு நோட்டீஸ் போதாதா? நம்ம தமிழாளுங்களுக்கு நானே சொல்லிடுவேன்.

புரியும்கிறது பாதி உண்மை. பேச்சு புரியறவங்க பலருக்கு மலையாள எழுத்து வாசிக்க வராது. அதைவிட, ரெண்டு பாஷையும் ஒட்டி நிக்கிற வார்த்தைகள்தான் இங்கே ஆபத்து. ஒரு தமிழ் சூப்பர்வைசர் 'ரெண்டாவது லைனைப் பிரிச்சு விடப்போறோம்'னு சொன்னா, லைனை ரெண்டாப் பண்றதுன்னு அர்த்தம். மலையாளத்துல 'பிரிச்சுவிடுக'ன்னா வேலையை விட்டு அனுப்பறது. ஒரு வதந்திக்கு அது போதும். தமிழ், மலையாளம், இந்தி மூணுலயும் தனித்தனியா எழுதி, அந்தந்த பாஷைக்காரர் ஒருத்தர்கிட்ட வாசிக்கக் கொடுத்து, என்ன புரிஞ்சுதுன்னு கேட்ட பிறகு ஒட்டுங்க.

நீங்க சொல்றது வேண்டாங்க. கான்ட்ராக்ட் ஆளுங்க எண்ணிக்கைதான் முதல்ல குறையும்னு எல்லாருக்கும் தெரியும், உங்க வார்த்தையில உங்க கவலையும் சேர்ந்துதான் வரும்.

எட்டிமடையிலிருந்து தினமும் வேலைக்கு வருபவர்: எனக்கு ஏழு வருஷ சர்வீஸ். எப்படியும் லே-ஆஃப் வரும்னு பேசிக்கிறாங்க. முன்னாடியே நானா ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டா செட்டில்மென்ட் நல்லா வருமா?

எழுதாதீங்க. சட்டத்துல லே-ஆஃப்னா கொஞ்ச நாளைக்கு வேலை கொடுக்க முடியாம உட்கார வைக்கிறது. பேர் பதிவேட்டுல இருக்கும். தகுதி உள்ளவங்களுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி ரெண்டும் சேர்ந்ததுல பாதி கிடைக்கும். ஆளை நிரந்தரமா எடுக்கறது ஆட்குறைப்பு. அதுக்கு முன்னறிவிப்பு உண்டு, முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு உண்டு. உங்களுக்கு ஏழு பதினைஞ்சு, 105 நாள் சம்பளம். நீங்களா ராஜினாமா கொடுத்தா இந்த 105 நாள் போச்சு. கிராஜுவிட்டி வேற கணக்கு, அதுக்கு ராஜினாமா தடையில்லை.

நிர்வாகத்துல இருக்கிறவங்களும் கவனிங்க. நீங்க 'லே-ஆஃப்'னு ஒரு அர்த்தத்துல சொல்றீங்க, அவர் வேற அர்த்தத்துல கேட்டு ராஜினாமா எழுத உட்கார்றார். நோட்டீஸ்ல அந்த வார்த்தையே வேண்டாம், என்ன நடக்கும்னு விரிச்சே எழுதுங்க.

தொழிற்சங்க நிர்வாகி: ஆறுல ஒரு பங்குன்னு நீங்க எழுதச் சொல்றீங்க. 60ன்னு பேசறவன் நாளைக்கு 30ன்னு பேசுவான். பயம் போகலையே?

30ன்னுதான் பேசுவான், ஒத்துக்கறேன். அதனாலதான் ஓவர்டைம், வெளிவேலை ரெண்டையும் அதே நோட்டீஸ்ல சேர்த்தேன். வேலை குறையறதுக்கும் ஆள் குறையறதுக்கும் நடுவுல இன்னும் படிகள் இருக்குன்னு தெரியணும். ஆனா அந்தப் படிகளையும் சொல்லக் கூடாது, ஓவர்டைமை நம்பிக் கடன் கட்டறவங்க இருக்காங்கன்னு சிலர் சொல்வாங்க. அதுலயும் நியாயம் இருக்கு. எண்ணைச் சொல்றதா வேண்டாமாங்கிறது இடத்தைப் பொறுத்தது. ஏற்கனவே ஒரு தப்பு எண் சுத்துற இடத்துல நான் சொல்றதுதான் நல்லதுன்னு நினைக்கிறேன். சங்கத்துக்கு நோட்டீஸுக்கு முந்தின நாளே தகவல் போகணும், அதுல மாத்துக் கருத்து இல்லை.

மீண்டும் மனிதவளப் பிரிவு: 24ஆம் தேதி கூட்டம் தள்ளிப்போச்சுன்னா? 25ஆம் தேதி சொல்ல ஒண்ணும் இருக்காதே.

அன்னைக்குத்தான் கட்டாயம் போகணும். 'கூட்டம் தள்ளிப்போச்சு, புதுத் தேதி இது, காரணம் இது, நாங்க முன்னாடி சொன்னதுல எதுவும் மாறலை.' ரெண்டு நிமிஷப் பேச்சு. அன்னைக்கு மேனேஜர் வராம இருந்தா, சாயங்காலத்துக்குள்ள '60' மறுபடி கிளம்பிடும்.

எடுபடுதான்னு தெரிஞ்சுக்க, கேள்வி நோட்டைப் பாருங்க. கேள்வி வரலைன்னா அமைதின்னு நினைச்சுடாதீங்க, உங்ககிட்டக் கேக்கறதை நிறுத்திட்டாங்கன்னும் இருக்கலாம். அனுபவச் சான்றிதழ் கேட்டு வர்றவங்க, திங்கள், செவ்வாய்ன்னு ஒற்றை நாள் லீவு போடறவங்க யார் யார்னு கவனிங்க. வேற இடத்துல உடனே வேலை கிடைக்கிற செட்டர், டூல்ரூம் ஆளுங்க அதுல அதிகமா இருந்தா, அவங்களை மேனேஜரே தனித்தனியாக் கூப்பிட்டு அதே நோட்டீஸ்ல இருக்கிறதைச் சொல்லணும். அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது.