வேலைக்கு அப்ளை பண்ணும் முன்பே, வொர்க் ஃப்ரம் ஹோமா, ஆபீஸ் வரணுமா என்று ஹெச்.ஆரிடம் கேட்கலாமா? தப்பா நினைப்பாங்களா?

கேளுங்கள். உங்கள் வீட்டிலும் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியவர் யாரோ இருக்கிறார் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இந்தத் தயக்கம் வராது.

நான் கும்பகோணம். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் பதினோரு வருடம். அப்பாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். முடிந்து எழும்போது சில நாள் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். கையைப் பிடித்துக் கூட்டி வர ஆள் வேண்டும்.

2023இல் ஒரு சென்னைக் கம்பெனி விளம்பரத்தில் ‘ரிமோட்’ என்று போட்டிருந்தது. நான்கு ரவுண்டு இன்டர்வியூவில் ஒன்றில்கூட அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கேட்டால் வேலையில் ஆர்வமில்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். ஆஃபர் லெட்டரில் ‘பணியிடம்: சென்னை’ என்று ஒரு வரி இருந்தது. சும்மா போட்டிருப்பார்கள் என்று கையெழுத்துப் போட்டேன். பழைய வேலையில் 60 நாள் நோட்டீஸ் முடித்துச் சேர்ந்தேன். ஐந்தாவது வாரம் மெயில் வந்தது: இனி செவ்வாய், புதன், வியாழன் சிறுசேரி ஆபீஸ். ஹெச்.ஆரைக் கூப்பிட்டால், “பேஸ் லொகேஷன் சென்னைன்னு சைன் பண்ணியிருக்கீங்களே சார்” என்றார். நான்கு மாதம் திங்கள் ராத்திரி பஸ் ஏறி, வெள்ளி விடியற்காலை வந்து இறங்கினேன். அப்பாவைத் தெருமுனை ஆட்டோக்கார அண்ணன்தான் கூட்டிப் போய் வந்தார். பிறகு வேலையை விட்டுவிட்டேன்.

அந்த நான்கு மாதத்தில் வாரம் இரண்டு ராத்திரி தங்க ரூம் தேடியதையும் சொல்லியாக வேண்டும். முழு மாத வாடகை, அதற்கு மேல் ஆறு மாத அட்வான்ஸ், “ஃபேமிலியா, பேச்சிலரா?” என்ற விசாரணை வேறு. வெளியூர்க்காரன் வேலைக்கு வந்தாலே குற்றவாளி மாதிரி நிற்க வேண்டியிருக்கிறது. இதை என்றைக்குத்தான் மாற்றுவார்களோ!

சரி, கேட்கும் விதம். ‘வொர்க் ஃப்ரம் ஹோம் கிடைக்குமா?’ என்று கேட்காதீர்கள். அது சலுகை கேட்பது போல இருக்கும். ‘பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்று பதில் வரும். அந்த வேலை எப்படி அமைந்திருக்கிறது என்று தகவலாகக் கேளுங்கள். விளம்பரம் போட்ட ரெக்ரூட்டருக்கு நான் அனுப்புவது இவ்வளவுதான் (இங்கிலீஷில் எழுதுவேன், பொருள் இது):

“வணக்கம். உங்கள் சீனியர் டெஸ்டர் விளம்பரம் பார்த்தேன், என் அனுபவத்துக்குப் பொருந்துகிறது. விண்ணப்பிக்கும் முன் ஒரு விவரம்: இது முழு ரிமோட்டா, ஹைபிரிட்டா, தினமும் ஆபீஸா? ஹைபிரிட் என்றால் வாரம் எத்தனை நாள், எந்த ஆபீஸ்? ஆஃபர் லெட்டரில் பணியிடம் எப்படிக் குறிப்பிடப்படும்? நன்றி.”

வீட்டுக் காரணம் எதுவும் எழுத மாட்டேன். கேட்காமலே மன்னிப்புக் கேட்பது போல ஆகிவிடும்.

நாள் கணக்கைக் கேட்பதற்குக் காரணம், ஹைபிரிட்டுக்கு ஒரே அர்த்தம் கிடையாது. ஒரு இடத்தில் வாரம் மூன்று நாள், இன்னொரு இடத்தில் மாதம் இரண்டு நாள். வாரம் மூன்று என்றால் கும்பகோணத்திலிருந்து முடியாது, மாதம் இரண்டு என்றால் முடியும். கன்சல்டன்சி போடும் விளம்பரமாக இருந்தால் இன்னும் கவனம். பழைய விளம்பரத்தை அப்படியே எடுத்துப் போட்டிருப்பார்கள், கம்பெனியிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

பதிலில் ‘தற்போதைக்கு’, ‘மேனேஜரைப் பொறுத்து’ என்ற வார்த்தைகள் வந்தால் அதை ஆபீஸ் வேலை என்றே நான் எடுத்துக்கொள்வேன். போன வருடம் நான்கு பேருக்கு எழுதினேன். ஒருவர் பதிலே போடவில்லை. இருவர் ‘தற்போதைக்கு ரிமோட்’ என்றார்கள், விட்டுவிட்டேன். நான்காவது அம்மா மறுநாளே எழுதினார்: மாதம் இரண்டு திங்கள், கிண்டி ஆபீஸ், மற்ற நாள் வீடு. அந்த மெயிலிலேயே பதில் போட்டு விண்ணப்பித்தேன். ஆஃபர் வந்தபோது, ‘ஹைபிரிட், மாதம் இரண்டு நாள்’ என்ற வரியைச் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள்.

ஹெச்.ஆர் நண்பர்கள் கோபிக்க வேண்டாம், எல்லாரையும் சொல்லவில்லை. ஃபிரெஷர்களுக்கு ரிமோட் தேடச் சொல்லவும் இல்லை. எழுதி வாங்கினாலும் முழுப் பாதுகாப்பு இல்லை என்பதும் தெரியும். தேவைப்பட்டால் எந்த ஊருக்கும் மாற்றலாம் என்ற ஷரத்து என் லெட்டரிலும் இருக்கிறது. ஆனால் இன்றுவரை திங்கள் ராத்திரி கிண்டியிலிருந்து கிளம்பினால், செவ்வாய் காலை அப்பாவை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போகிறேன்.